க்ரூஸ் கன்ட்ரோல் பச்சை விளக்கு தானாக அணைந்தால் என்ன அர்த்தம்?

புதிதாகக் கார் வாங்கியவர்கள் க்ரூஸ் கன்ட்ரோல் பற்றிக் கேட்கும் கேள்விகளில் அதிகம் வருவது இதுதான்: "நல்லா போய்க்கிட்டே இருந்துச்சு, திடீர்னு அந்தப் பச்சை விளக்கு காணாம போச்சு. ரிப்பேரா?" பெரும்பாலான நேரங்களில் ரிப்பேர் இல்லை. ஏதோ ஒரு காரணத்துக்காகக் கார் வேகத்தைப் பிடித்துக்கொள்ளும் வேலையை விட்டுவிட்டது, இனி ஆக்ஸிலரேட்டர் உங்கள் காலில் இருக்கிறது என்பதுதான் அந்த விளக்கு அணைவதன் பொருள். அந்தக் காரணம் என்ன என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

நம் ஊரில் அதிகம் ஓடும் சாதாரண க்ரூஸ் கன்ட்ரோலை, அதுவும் மேனுவல் கியர் காரில் இருப்பதை வைத்தே பெரும்பாலும் சொல்கிறேன். முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானே வேகம் குறைக்கும் ரேடார் வகை பற்றிக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

விளக்கு ஒன்றா, இரண்டா?

முதலில் வண்டியை நிறுத்தி வைத்தே செய்ய வேண்டிய வேலை. எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிட்டு ஸ்டீயரிங்கில் இருக்கும் க்ரூஸ் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். மீட்டரில் ஒரு குறி வரும். வேகமானி வட்டம், அதன் முள், பக்கத்தில் வட்டத்தைச் சுட்டும் ஒரு சின்ன அம்பு: அதுதான் க்ரூஸ் குறி. சில கார்களில் படத்துக்குப் பதிலாக CRUISE என்று எழுத்திலேயே வரும்.

இந்த நிலையில் கார் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. "தயார், வேகத்தைச் சொல்" என்று காத்திருக்கிறது, அவ்வளவுதான். ஓடும்போது SET பட்டனை அழுத்திய பிறகுதான் உண்மையான வேலை தொடங்கும். இந்த இரண்டு நிலைகளையும் கார்கள் வெவ்வேறு விதமாகக் காட்டுகின்றன, குழப்பமே இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு வகைக் காரில் இரண்டு விளக்குகள் இருக்கும். CRUISE என்பது தயார் நிலைக்கு, SET என்பது வேலை நடப்பதற்கு. இன்னொரு வகையில் ஒரே குறிதான், தயார் நிலையில் வெள்ளை அல்லது சாம்பல், வேலை செய்யும்போது பச்சை. மூன்றாவது வகையில் வேலை செய்யும்போது மட்டுமே பச்சை தெரியும், மற்ற நேரத்தில் அந்த இடம் காலியாக இருக்கும். உங்கள் கார் எந்த வகை என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ஏனென்றால், "பச்சை போய்விட்டது" என்று சொல்லும் பலருடைய காரில் உண்மையில் போனது SET மட்டும்தான். CRUISE அங்கேயே இருக்கும், அவர்கள் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

வண்ணத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. மீட்டர் விளக்குகளுக்கான உலகத் தர விதியில் சிவப்பு ஆபத்துக்கு, மஞ்சள் எச்சரிக்கைக்கு, பச்சை ஒரு வசதி சரியாக இயங்கிக்கொண்டிருக்கிறது என்பதற்கு. ஹெட்லைட் போட்டாலும், இன்டிகேட்டர் போட்டாலும் பச்சை வருவது அதனால்தான். இயங்குவதை நிறுத்தினால் பச்சை அணைகிறது. பச்சை போன இடத்தில் மஞ்சளாக எதுவும் வரவில்லை என்றால், பழுது என்று கார் சொல்லவில்லை. க்ரூஸ் குறியே மஞ்சளாக மாறினாலோ, விட்டுவிட்டுச் சிமிட்டினாலோ, எஞ்சின் விளக்கு கூடவே எரிந்தாலோதான் அது பழுதுக் கணக்கில் வரும்.

ஸ்பீட் லிமிட்டர் வேறு, அதன் விளக்கும் வேறு

ஒரே பட்டனில் இரண்டு வசதியையும் வைத்திருக்கும் கார்கள் உண்டு. க்ரூஸ் என்பது நீங்கள் காலை எடுத்தாலும் வேகத்தைத் தக்கவைப்பது. லிமிட்டரில் கால் ஆக்ஸிலரேட்டரில் இருந்தே ஆக வேண்டும். நீங்கள் வைத்த எண்ணைத் தாண்டி வண்டி போகாமல் மட்டும் அது பார்த்துக்கொள்ளும். 80 என்று வைத்துவிட்டுச் சாதாரணமாக மிதித்தால் 80-ஐத் தாண்டாது. காலை எடுத்தால் வேகம் குறைந்துவிடும்.

ரெனோ கார்களில் இதை வண்ணத்தாலேயே பிரித்திருக்கிறார்கள். க்ரூஸுக்குப் பச்சை, லிமிட்டருக்கு ஆரஞ்சு கலந்த மஞ்சள். இந்த மஞ்சள் மட்டும் பழுதைக் குறிப்பதல்ல, லிமிட்டர் ஆன் ஆகியிருக்கிறது என்பதற்கான அடையாளம். வேறு சில கார்களில் LIM என்று எழுத்தில் வரும்.

இரண்டும் ஒரே நேரத்தில் ஓடாது. லிமிட்டரைத் தேர்ந்தெடுத்தால் க்ரூஸ் போய்விடும். புதியவர்களுக்கு நடப்பது இதுதான்: ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது கட்டைவிரல் பட்டு மோடு மாறிவிடும், பச்சை போய் வேறு குறி வரும், காலை எடுத்து ஹாயாக உட்கார்ந்திருப்பவருக்கு வண்டி ஏன் மெதுவாகிறது என்று புரியாது. "தானாக ஆஃப் ஆகிறது" என்ற புகாரில் சோதிக்க மிகச் சுலபமான காரணம் இது. அணைந்தவுடன் அந்த இடத்தில் வேறு ஏதாவது எழுத்து வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

லிமிட்டருக்கு இன்னொரு குணம் உண்டு. பிரேக்கை மிதித்தால் க்ரூஸ் விலகும், லிமிட்டர் விலகாது. ஆக்ஸிலரேட்டரை அடிவரை, ஒரு தடையைத் தாண்டுவது போல அழுத்தினால்தான் லிமிட்டர் வழிவிடும். அவசரமாக ஓவர்டேக் முடிக்க வேண்டிய நேரத்துக்கான ஏற்பாடு அது. அப்போது வைத்த எண் சிமிட்டும், வேகம் மறுபடி அதற்குக் கீழே வந்ததும் லிமிட்டர் தானே பிடித்துக்கொள்ளும்.

இதில் கலந்துவிடக் கூடாத மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். 2019 ஜூலைக்குப் பிறகு இந்தியாவில் தயாரான கார்களில் 80 கிலோமீட்டரைத் தாண்டினால் அவ்வப்போது ஒரு பீப் சத்தம், 120-ஐத் தாண்டினால் விடாத சத்தம் வரும். அது வெறும் எச்சரிக்கை மணி. லிமிட்டரும் இல்லை, க்ரூஸுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. க்ரூஸில் 82 வைத்துவிட்டு "பீப் அடிக்குது, க்ரூஸ் ஏதோ சொல்லுது" என்று ஆஃப் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

வேண்டுமென்றே அணைத்துப் பழகுங்கள்

காலியான நான்கு வழிச் சாலை, காய்ந்த தரை, பகல் நேரம். இந்த மூன்றும் இருக்கும்போது இதைச் செய்யுங்கள்.

1. உங்கள் கார் எந்த கியரில் 70-இல் சுகமாக ஓடுமோ அந்த கியரில் 70-க்குக் கொண்டுவாருங்கள். க்ரூஸை ஆன் செய்து SET அழுத்தி, காலை மெதுவாக எடுங்கள். மீட்டரில் எந்த விளக்கு புதிதாக வந்தது, 70 என்ற எண் தெரிகிறதா என்று ஒரு பார்வை.

2. CANCEL அழுத்துங்கள். என்ன அணைந்தது, என்ன மிச்சம் இருக்கிறது? பெரும்பாலும் பச்சை அல்லது SET போகும், தயார் நிலைக் குறி இருக்கும். இப்போது RES அழுத்தினால் பழைய 70-க்கே வண்டி திரும்பும். அந்த எண் நினைவில் இருந்தது என்று அர்த்தம்.

3. அடுத்து பிரேக்கை லேசாகத் தொடுங்கள், பின்னால் வண்டி இல்லாதபோது. அதே மாற்றம்தான் நடக்க வேண்டும். எவ்வளவு லேசாகத் தொட்டதும் விலகியது என்பதைக் கால் கவனிக்கட்டும்.

4. மறுபடி RES கொடுத்து, இந்த முறை கிளட்சைத் தொடுங்கள். பாதி அழுத்துவதற்கு முன்பே விலகிவிடும். இது எவ்வளவு சீக்கிரம் நடக்கிறது என்பது முக்கியம், ஏன் என்று கீழே வருகிறது.

5. கடைசியாக மெயின் பட்டனை அழுத்தி முழுவதும் ஆஃப் செய்யுங்கள். இப்போது இரண்டு குறியும் போகும், நினைவில் இருந்த 70-உம் அழிந்துவிடும். மீண்டும் ஆன் செய்து RES அழுத்திப் பார்த்தால் ஒன்றும் நடக்காது.

கொஞ்ச நேரம் இப்படிப் பழகிவிட்டால், நிஜமாகத் தானே அணையும்போது "வேலையை மட்டும் விட்டதா, மொத்தமாக ஆஃப் ஆனதா" என்பதை ஒரு பார்வையில் சொல்லிவிடலாம். ஆக்ஸிலரேட்டரை மிதித்து ஓவர்டேக் செய்வதையும் முயன்று பாருங்கள். அதில் பச்சை அணையாது. காலை எடுத்ததும் வைத்த வேகத்துக்கே இறங்கி வரும்.

RES பட்டன் பற்றி ஒரு எச்சரிக்கை. நினைவில் 100 இருக்கும்போது ஊருக்குள் 45-இல் போய்க்கொண்டே அதை அழுத்தினால், வண்டி 100-ஐ நோக்கிச் சீறும். நினைவில் எந்த எண் இருக்கிறது என்று தெரியாவிட்டால் RES வேண்டாம், புதிதாக SET வையுங்கள்.

அணைந்த அந்த நொடியில் என்ன செய்வது

க்ரூஸ் தானாக விலகும்போது வண்டி பிரேக் போடுவதில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும், எஞ்சின் இழுவையில் வேகம் குறையத் தொடங்கும். பின்னால் உங்கள் பிரேக் லைட் எரியாது. பின்னால் 90-இல் வரும் லாரிக்காரருக்கு நீங்கள் மெதுவாவது தெரிய வழியே இல்லை. அதனால் பச்சை அணைந்ததைப் பார்த்ததும் முதல் வேலை, வலது காலை ஆக்ஸிலரேட்டரில் மெதுவாக வைத்து அப்போதிருக்கும் வேகத்தை நிலைப்படுத்துவது. பதற்றத்தில் மிதித்துவிடக் கூடாது, பிரேக்குக்கும் போக வேண்டாம், முன்னால் தேவை இருந்தால் ஒழிய. அடுத்து நடுக் கண்ணாடி. அதற்குப் பிறகுதான் மீட்டரில் என்ன எரிகிறது என்ற ஆராய்ச்சி.

இதனால்தான் க்ரூஸில் போகும்போது காலை மடக்கி சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்வார்கள். கால் பெடலுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

தொப்பூர் ஏற்றம்: ஒரு முழுக் கணக்கு

பழுது எதுவும் இல்லாமல் க்ரூஸ் தானே விலகுவதற்கு நல்ல உதாரணம் சேலத்திலிருந்து தருமபுரி போகும் வழி. தொப்பூர் கணவாயில் அந்தத் திசையில் ஏற்றம். 1.2 லிட்டர் பெட்ரோல் கார், மேனுவல் கியர், உள்ளே ஐந்து பேர், டிக்கி நிறைய பெட்டி, ஏசி ஓடுகிறது. ஐந்தாவது கியரில் 80 வைத்து க்ரூஸில் வருகிறீர்கள்.

ஏற்றம் தொடங்கியதும் வேகம் 79, 78 என்று சரியும். க்ரூஸ் அதைப் பார்த்து எஞ்சினுக்கு இன்னும் கொஞ்சம் கொடுக்கும். 75 ஆகும், இன்னும் கொடுக்கும். ஒரு கட்டத்தில் த்ராட்டில் முழுக்கத் திறந்துவிடும், அதற்கு மேல் கொடுக்க ஒன்றும் இல்லை. ஐந்தாவது கியரில் அவ்வளவு எடையை அந்த மேட்டில் இழுக்கும் சக்தி சின்ன எஞ்சினுக்குக் கிடையாது. நான்காவதுக்கு மாற்றினால் இழுக்கும். ஆனால் மேனுவல் காரில் கியர் மாற்றுவது உங்கள் வேலை, க்ரூஸால் முடியாது. எஞ்சின் சத்தம் கனத்து, வண்டி லேசாக அதிரும். 70. 65. பிறகு 60-ஐ நெருங்கும்போது SET விளக்கு சத்தமில்லாமல் அணைந்துவிடும்.

இது தற்செயல் இல்லை. வைத்த வேகத்துக்கும் உண்மை வேகத்துக்கும் இடையில் ஒரு குறிப்பிட்ட இடைவெளி வந்தால் விலகிக்கொள் என்று க்ரூஸுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஹூண்டாய் கையேடுகள் பலவற்றில் இது சுமார் 20 கிலோமீட்டர், டொயோட்டாவில் சுமார் 16. கூடவே அடிமட்ட வேகம் ஒன்றும் உண்டு, காரைப் பொறுத்து 30 அல்லது 40. அதற்குக் கீழே வந்தாலும் விலகும். டோல்கேட் வரிசையில் ஊர்ந்துவிட்டு வெளியே வந்தபின் க்ரூஸ் இல்லாமல் இருப்பதும் இதனால்தான், பிரேக் போட்டதே மறந்துபோயிருக்கும்.

எதற்கு இந்த இடைவெளி விதி? க்ரூஸுக்குத் தெரிவது வேகம் மட்டும்தான். வேகம் ஏன் குறைகிறது என்று அதற்குத் தெரியாது. மேடாக இருக்கலாம், கியர் நியூட்ரலுக்கு நழுவியிருக்கலாம், சக்கர வேகத்தைச் சொல்லும் சென்சார் பொய் சொல்லலாம். எதுவானாலும் த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டே இருப்பது ஆபத்து. நான் கேட்டது கிடைக்கவில்லை, என்னவோ சரியில்லை, ஓட்டுநரே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒதுங்குவதுதான் நல்ல இயந்திரத்துக்கு அழகு.

இங்கே புதியவர்கள் செய்வது என்னவென்றால், உடனே RES அழுத்துவார்கள். அதே ஐந்தாவது கியர், அதே மேடு. க்ரூஸ் மறுபடி முழுக்கத் திறக்கும், மறுபடி வேகம் சரியும், மறுபடி அணையும். இரண்டு மூன்று முறை இப்படி நடந்ததும் "சிஸ்டம் கெட்டுப்போச்சு" என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். சரியான வழி, மேடு கண்ணில் பட்டதுமே CANCEL அழுத்தி, நான்காவது கியருக்கு இறங்கி, காலால் ஓட்டி ஏறுவது. மேலே சமதளம் வந்ததும் புதிதாக SET. ஆட்டோமேட்டிக் காரில் கியர்பெட்டி தானே கீழ் கியருக்கு இறங்கும் என்பதால் இதே மேட்டில் க்ரூஸ் விலகாமல் போகலாம். பக்கத்து வீட்டுக்காரர் காரில் அணையவில்லையே என்று ஒப்பிடும் முன் இதை யோசியுங்கள்.

எதிர்த்திசையில், தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும்போது கதையே வேறு. அந்த இறக்கத்தில் நடந்த லாரி விபத்துகள் ஊரறிந்தவை. சாதாரண க்ரூஸும் சரி, லிமிட்டரும் சரி, பெரும்பாலான கார்களில் பிரேக்கைத் தொடாது. எஞ்சினுக்குப் போவதைக் குறைக்க மட்டும் அதற்குத் தெரியும். இறக்கத்தில் வண்டி தானே உருண்டு 80 வைத்தது 95 ஆனாலும் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கலாம். விளக்கு எரிவதால் வேகம் கட்டுக்குள் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். கணவாய்க்கு முன்பே க்ரூஸை ஆஃப் செய்துவிட்டு, குறைந்த கியரில் இறங்க வேண்டும்.

மழையில் அணைந்தால்

ஈரச் சாலையில் ஒரு சக்கரம் நொடிப் பொழுது வழுக்கினாலும், வழுக்கலைத் தடுக்கும் ஈஎஸ்சி அமைப்பு தலையிடும். அது தலையிட்டதும் க்ரூஸ் விலகும். மீட்டரில் கார் வழுக்கிப்போவது போன்ற மஞ்சள் குறி ஒரு கணம் சிமிட்டியிருக்கும், பலர் அதைத் தவற விடுவார்கள். இதற்கு RES பதில் இல்லை. சக்கரம் பிடிப்பை இழந்தது என்ற செய்தி வந்திருக்கிறது, அந்தப் பயணத்தில் மழை நிற்கும் வரை க்ரூஸே வேண்டாம்.

காய்ந்த சாலையில் இப்படி நடந்தால் டயர்களைப் பாருங்கள். பஞ்சர் ஆகி ஸ்டெப்னி மாட்டியிருக்கிறீர்களா? பல கார்களில் ஸ்டெப்னி அளவில் சிறியது. நான்கு சக்கரங்களும் ஒரே கணக்கில் சுற்றவில்லை என்றால் ஈஎஸ்சி குழம்ப வாய்ப்பு உண்டு, க்ரூஸும் அதோடு சேர்ந்து போகும்.

காரணமே இல்லாமல் அணைகிறது என்றால்

மேடும் இல்லை, மழையும் இல்லை, நல்ல சாலையில் 80-இல் போகும்போது அணைகிறது. இதில் முதலில் சந்தேகப்பட வேண்டியது உங்கள் இடது காலை. கிளட்ச் பெடலுக்கு மேலே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. பெடல் கொஞ்சம் அசைந்தாலே அது க்ரூஸை விலக்கிவிடும். கால் மேலேயே சாய்ந்திருந்தால், ஒரு சின்னக் குழியில் உடம்பு குலுங்கும்போது பெடல் அந்த அளவுக்கு அசைந்துவிடும். இடது காலைப் பக்கவாட்டில் இருக்கும் கால்மேடையில் வைத்துக்கொண்டு அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். பச்சை அணைவது நின்றுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. கிளட்ச் பிளேட்டுக்கும் ஆயுள் கூடும்.

அதுவும் இல்லை என்றால் அடுத்த சந்தேகம் பிரேக் பெடலின் சுவிட்ச். பழைய கார் ஒன்றை வாங்கிய என் சித்தி மகன் ஒருநாள் போனில் அழைத்தான்.

"அண்ணே, பாலத்து மேல ஏறும்போது அந்த ஜாயின்ட்ல டக்குனு ஒரு அடி விழுதுல்ல, கரெக்டா அப்பத்தான் பச்சை போயிடுது."

"ஏறும்போதா, இல்ல அடி விழும்போதா?"

"அடி விழும்போதுதான். சமமா இருந்தா போகவே மாட்டேங்குது."

"சரி, ராத்திரி வண்டியை ரிவர்ஸ்ல சுவத்துக்கிட்ட நிறுத்து. பிரேக்கை மிதிக்காம, கையால பெடலை லேசா ஆட்டிக்கிட்டே, பிரேக் லைட் சிவப்பு சுவத்துல விழுதான்னு கண்ணாடியில பாரு. அப்புறம் பெடலுக்குக் கீழ ஃப்ளோர் மேட்ல பிளாஸ்டிக் துகள் ஏதாவது கிடக்கான்னு பாரு."

துகள் கிடந்தது. பிரேக் பெடலின் தண்டில் சுவிட்ச் முட்டும் இடத்தில் ஒரு துளை இருக்கும், அதை அடைத்து ஒரு சின்ன பிளாஸ்டிக் பொத்தான் இருக்கும். வருடங்கள் ஆக ஆக வெயிலில் காய்ந்து அது நொறுங்க ஆரம்பிக்கும். முழுக்க நொறுங்கி விழுந்துவிட்டால் சுவிட்சின் முனை அந்தத் துளைக்குள் போய்விடும். பிரேக்கை மிதித்தபடியே இருக்கிறார்கள் என்று கார் நினைத்துக்கொள்ளும். பின் விளக்கு அணையாது, நிறுத்தி வைத்த வண்டியின் பேட்டரி ஒரே இரவில் இறங்கும், க்ரூஸ் SET ஆகவே ஆகாது. அவன் காரில் பொத்தான் பாதிதான் உடைந்திருந்தது. சமமான சாலையில் தாங்கியது, அடி விழும்போது மட்டும் முனை ஒரு கணம் நழுவியது. சுவரில் சிவப்பு மினுக் மினுக் என்று தெரிந்ததும் அதனால்தான். மாற்றியது அந்தப் பொத்தான் ஒன்றை மட்டும்.

இந்தச் சுவர்ச் சோதனையை எல்லோரும் செய்யலாம். பெடலைத் தொடாமல் இருக்கும்போது சிவப்பு ஒளி தெரியவே கூடாது, தொட்டதும் உடனே வர வேண்டும், விட்டதும் உடனே போக வேண்டும். இதில் எது தவறினாலும் க்ரூஸை மறந்துவிட்டு முதலில் அதைச் சரி செய்யுங்கள். பின்னால் வருபவர் உங்கள் பிரேக் லைட்டை நம்பித்தான் வருகிறார்.

பல கார்களில் அந்தச் சுவிட்சுக்குள் இரண்டு இணைப்புகள் இருக்கும், ஒன்று பின் விளக்குக்கு, இன்னொன்று எஞ்சின் கணினிக்கு. விளக்கு சரியாக எரிந்தும் க்ரூஸ் விலகுகிறது என்றால் இரண்டாவது இணைப்பில் கோளாறு இருக்கலாம். அதைக் கண்ணால் பார்க்க முடியாது, ஸ்கேனர் மாட்டித்தான் பார்க்க வேண்டும். ஆக்சசரீஸ் கடையில் பிரேக் லைட்டுக்கு எல்இடி பல்பு மாற்றிய பிறகு தொந்தரவு ஆரம்பித்தது என்றால், பழைய பல்பைத் திரும்ப மாட்டிப் பாருங்கள். சில கார்களில், குறிப்பாகப் பழைய மாடல்களில், எல்இடி பல்பு இழுக்கும் மின்சாரம் குறைவாக இருப்பதால் பிரேக் சர்க்யூட்டையே கார் தவறாகப் புரிந்துகொள்ளும்.

ரேடார் வகை

முன்னால் போகும் வண்டியைப் பார்த்து இடைவெளி விடும் க்ரூஸில் மேலே சொன்ன எல்லாமும் பொருந்தும், கூடுதலாக ரேடாரின் பிரச்சினைகளும் சேரும். முன் கிரில்லிலோ பம்பரிலோ இருக்கும் அதன் முகத்தில் சேறு அப்பினாலும், கொட்டும் மழையிலும் அது விலகும். பெரும்பாலும் சத்தத்தோடு, திரையில் ஒரு வரியோடு விலகும் என்பதால் குழப்பம் குறைவு. இதில் ஆபத்து வேறு இடத்தில். இந்த வகை பிரேக்கும் போடும். அது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும்போது விலகினால் பிரேக்கும் விடுபடும். நெரிசலில் முன்வண்டிக்குப் பின்னால் நின்றபடி பச்சை போனால், ஆட்டோமேட்டிக் கார் மெல்ல முன்னால் ஊர ஆரம்பிக்கலாம். சாதாரண க்ரூஸில் பச்சை அணைந்தால் கால் ஆக்ஸிலரேட்டருக்குப் போக வேண்டும் என்றேன். இதில் முன்னால் வண்டி நெருக்கமாக இருந்தால் கால் பிரேக்குக்குப் போக வேண்டும்.

சர்வீஸ் சென்டரில் என்ன சொல்வது

"க்ரூஸ் வேலை செய்யல" என்று மட்டும் சொன்னால் ஓட்டிப் பார்த்துவிட்டு "எங்களுக்கு நல்லாத்தான் இருக்கு சார்" என்று சாவியைக் கொடுத்துவிடுவார்கள். அணைந்த நேரத்தில் எந்த வேகம் வைத்திருந்தீர்கள், உண்மை வேகம் எவ்வளவு, எந்த கியர், மேடா சமமா, SET மட்டும் போனதா CRUISE-உம் போனதா, மஞ்சளாக எதுவும் வந்ததா, RES அழுத்தினால் திரும்பியதா. இவ்வளவையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். RES அழுத்தித் திரும்பியது என்றால் ஒரு தற்காலிகக் காரணம்தான் அதை விலக்கியது. மெயின் பட்டனை ஆஃப் செய்து ஆன் செய்தும் SET ஆகவில்லை என்றால் ஒரு சுவிட்சோ சென்சாரோ தடுக்கிறது.

ஸ்கேனரில் வந்த பழுதுக் குறியீடு என்ன என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். P0571 என்றால் க்ரூஸுக்கான பிரேக் சுவிட்ச் சர்க்யூட், P0504 என்றால் அந்தச் சுவிட்சின் இரண்டு இணைப்புகளும் ஒன்றுக்கொன்று முரணாகச் சொல்கின்றன, P0500 என்றால் வண்டியின் வேகத்தைச் சொல்லும் சென்சார் பக்கம் பிரச்சினை. முதல் இரண்டில் எதுவாக இருந்தாலும், பெடல் பொத்தானையும் சுவிட்சையும் பார்க்காமல் ஸ்டீயரிங் பட்டன் தொகுப்பையே மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். அது விலை கூடிய பொருள், கோளாறு இருக்கும் இடமும் அதுவல்ல.